பெயரையும் தொகையையும் எழுதினால்தான் நேர்மையா?

கொண்டோ வீடு வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து எல்லோருக்கும் அனுப்பப்படும் கூட்டக் குறிப்பில் யார் எவ்வளவு பாக்கி, எத்தனை மாதமாகக் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்பதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் நிர்வாக சபை எதையோ மூடி மறைக்கிறது என்பது அந்தக் கருத்து. கோயில் கணக்கு, பழைய மாணவர் சங்கக் கணக்கு என்று பொதுப்பணம் புழங்கும் இடங்களில் பட்ட அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது. கணக்குக் காட்டாதவர்களால் ஏமாந்த சமூகம் கணக்குக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கணக்குக் கேட்பது ஒன்று, அயலவரின் கடனைப் பட்டியல் போட்டு ஊரெல்லாம் அனுப்பச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்தால்தான் முதலாவது நிறைவேறும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை கணக்கின்படியும் தவறு, கியூபெக் சட்டத்தின் போக்கின்படியும் தவறு.

முதலில், கூட்டக் குறிப்பு எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க வேண்டும். இல்-பிசாரை எடுத்துக்கொள்வோம்: மொன்றியலின் மேற்கே பிரேரி ஆற்றின் நடுவில் கிடக்கும் தீவு. 20,000 பேர்கூட இல்லாத இடம். சாக்-பிசார் பாலத்தைக் கடந்தால் செந்த்-ஜெனவியேவ், பியர்போன், டொலார்-தெ-ஸோர்மோ. நம் மக்கள் வீடு வாங்கியதும் கோயில் கட்டியதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். இப்படிப்பட்ட இடத்தில் உள்ள ஒரு கட்டடத்தின் கூட்டக் குறிப்பு உரிமையாளர்களோடு நின்றுவிடுவதில்லை. 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டக்கோவைத் திருத்தங்களின்படி, கூட்டத்தின் முடிவுகள் அடங்கிய குறிப்பை 30 நாட்களுக்குள் எல்லா உரிமையாளருக்கும் அனுப்பியாக வேண்டும். அவர்களில் ஒருவர் வீட்டை விற்கப் போட்டால், கடந்த சில ஆண்டுகளின் குறிப்புகளை வாங்குபவரின் முகவர் கேட்பார். முகவரிடமிருந்து அது வாங்குபவருக்கும், ஈட்டுக்கடன் தரும் வங்கிக்கும், நொத்தாரிசுக்கும் போகும். விலை படியாமல் போனால் அடுத்த வாங்குபவருக்கும் போகும். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் தன் வாடகைக்காரருக்கு அனுப்புவார். மூப்படைந்த பெற்றோரின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை தன் சகோதரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. 24 வீட்டுக்கு எழுதிய தாள் ஆறு மாதத்தில் முன்பின் தெரியாத நூறு பேர் கையில் இருக்கும். குறிப்பு எழுதும் செயலாளர் அந்த நூறாவது ஆளை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "சரி, பெயரை எடுத்துவிடுகிறோம், தொகை இருக்கட்டும்." நியாயமான சமரசம் போலத் தோன்றும் இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கொண்டோ கட்டணம் எப்படி வகுக்கப்படுகிறது என்று பாருங்கள். கியூபெக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டுரிமைப் பிரகடனத்தில் ஒரு பங்கு வீதம் எழுதப்பட்டிருக்கும். பொதுச் செலவை அந்த வீதத்தின்படியே பிரிக்கிறார்கள். கணக்குக்கு அந்தத் தீவில் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 24 வீடுகள், ஆண்டுப் பொதுச் செலவு 96,000 டாலர், அதாவது மாதம் 8,000 டாலர். கூட்டக் குறிப்பில், "ஓர் உரிமையாளர் மூன்று மாதமாகக் கட்டவில்லை, நிலுவை 1,044 டாலர்" என்று பெயரில்லாமல் எழுதுகிறார்கள். 1,044-ஐ மூன்றால் வகுத்தால் 348. அது 8,000-இல் 4.35 சதவீதம். பிரகடனத்தைத் திறந்து 4.35 சதவீதம் எந்த வீட்டுக்கு என்று பார்த்தால் கதை முடிந்தது. மூலை வீடு, மேல்மாடி வீடு, தரையோடு ஒட்டிய தோட்ட வீடு என்று அளவுகள் மாறுவதால் வீதங்களும் மாறும். ஒரே வீதம் பல வீடுகளுக்கு இருந்தாலும் நான்கைந்துக்கு மேல் போகாது. அந்த நான்கைந்தில் யாருக்கு வேலை போனது என்று தீவில் தெரியாதவர் இல்லை. வெளியாளுக்கும் இது கடினமில்லை. பிரகடனம் நிலப் பதிவேட்டில் பதிவாகும் ஆவணம். சிறு கட்டணம் கட்டி யாரும் இணையத்தில் பார்க்கலாம். வீட்டின் எண் தெரிந்தால் உரிமையாளரின் பெயர், வாங்கிய விலை, ஈட்டுக்கடன் பத்திரம் வரை அங்கேயே கிடைக்கும். பெயரை அழித்துவிட்டுத் தொகையை வைத்தவர், பெயரைக் கணக்குப் புதிராக மாற்றிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே பெயர் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி போதாது. எந்த இரண்டு விவரங்கள் சேர்ந்தால் ஆள் தெரிவார் என்பதே பார்க்க வேண்டியது. இங்கே அந்த இரண்டு விவரங்கள் தொகையும் மாத எண்ணிக்கையும். வாக்கு எண்ணிக்கையிலும் இதே பொறி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் பொதுச் செலவைக் கட்டாதவருக்கு வாக்குரிமை இல்லை என்று குடியியல் சட்டக்கோவை சொல்கிறது. கூட்டத் தலைவர் அதைத் தெரிந்துதான் வாக்கை எண்ண வேண்டும். ஆனால் குறிப்பில் "வாக்குரிமை உள்ள மொத்த வாக்குகளில் இத்தனை ஆதரவு, இத்தனை எதிர்ப்பு" என்று எழுதினாலே தீர்மானம் செல்லும். "வந்திருந்தவர்களில் 7-ஆம் இலக்க வீட்டார் வாக்களிக்க அனுமதிக்கப்படவில்லை" என்ற வாக்கியம் தீர்மானத்துக்கு எந்த வலுவும் சேர்ப்பதில்லை.

இன்னொரு வகை விவரமும் இருக்கிறது. அது கருணையினால் உள்ளே வருகிறது. நிலுவை வைத்தவர் மேல் பழி வரக்கூடாது என்று நினைக்கும் செயலாளர் காரணத்தையும் எழுதிவிடுவார்: கணவர் பிரிந்துபோனார், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார், உணவகம் மூடப்பட்டது. கடன் தொகையைவிட இது மோசமானது. தொகையை அடுத்த மாதம் கட்டிவிடலாம். பிரிந்த கணவர் பற்றிய வரி, அந்த வீட்டை ஐந்து வருடம் கழித்து வாங்க வருபவரின் மேசையிலும் இருக்கும். சபை எடுத்த முடிவு தவணை கொடுப்பது என்றால், "ஒரு கோரிக்கையின் மேல் ஆறு மாதத் தவணைக்குச் சபை இணங்கியது" என்பது போதும். காரணம் சபைக்குத் தெரிந்தால் போதும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவதும் பலமானதும் இதுதான்: பெயர் போடாவிட்டால் நிர்வாக சபை தனக்கு வேண்டியவர்களின் கடனைக் கண்டுகொள்ளாமல் விடும், நமக்குத் தெரியாமலே போகும். இந்தச் சந்தேகத்தை நான் இலேசாகத் தட்டிவிட மாட்டேன், நடக்கக்கூடியதுதான். ஆனால் பெயர்ப் பட்டியல் அதற்கு மருந்தா? அந்தப் பட்டியலை எழுதுபவரும் அதே செயலாளர்தானே. நண்பரின் கடனை மறைக்கத் துணிந்தவர் நண்பரின் பெயரைப் பட்டியலிலிருந்து விடவும் துணிவார். வாசிப்பவருக்கு, இருக்கும் பெயர்கள் தெரியும்; விடுபட்ட பெயர் எப்படித் தெரியும்? பாரபட்சத்தைக் கண்டுபிடிக்க வேறு விவரம் வேண்டும். ஆண்டு முடிவில் வரவேண்டிய நிலுவை மொத்தம் எவ்வளவு, அதில் 90 நாளைத் தாண்டியது எவ்வளவு, மிகப் பழைய நிலுவை எந்த ஆண்டுக்குரியது, எத்தனை கோப்புகள் வழக்கறிஞரிடம் போயின, சபை தானே வகுத்த விதியிலிருந்து யாருக்காவது விலக்குக் கொடுத்ததா. மூன்று வருடப் பழைய நிலுவை ஒன்று தொடர்ந்து வழக்கறிஞரிடம் போகாமலே இருந்தால், பெயர் தெரியாமலே எவரும் கேள்வி கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், சபையில் இல்லாத இரண்டு உரிமையாளர்களைப் பொதுக்கூட்டம் தெரிவுசெய்து பேரேட்டைப் பார்க்க வைக்கட்டும். அவர்கள் பெயர் பெயராகப் பார்த்து, "விதி எல்லோருக்கும் ஒரேமாதிரிப் பின்பற்றப்பட்டது" என்றோ, இல்லை என்றோ எழுதட்டும். இரண்டு பேர் பேரேட்டைப் பார்ப்பது, நூறு பேர் ஒரு பட்டியலைப் பார்ப்பதைவிடக் கடுமையான தணிக்கை.

நிலுவை வைத்தவர் ஒரேயொருவர் என்றால் மொத்தமே அவருடைய தொகையாகிவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அப்போது எண்ணிக்கையையும் மாதத்தையும் விட்டுவிட்டு, "வரவேண்டிய நிலுவை ஆண்டு வரவில் 2 சதவீதத்துக்கும் குறைவு, சேமிப்பு நிதியைத் தொட வேண்டிய தேவை இல்லை" என்று எழுதலாம். உரிமையாளர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்: என் கட்டணம் கூடுமா, கூரை மாற்றக் காசு இருக்கிறதா.

இரண்டாவது எதிர்வாதம்: சட்டமே கடன் விவரம் கேட்கிறதே! ஆண்டுக் கூட்ட அழைப்போடு ஐந்தொகை, வரவு செலவு, கடன் மற்றும் வரவேண்டியவை பற்றிய கூற்று, அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் எல்லாம் போக வேண்டும் என்பது குடியியல் சட்டக்கோவையின் 1087-ஆம் உறுப்புரை. உண்மை. ஆனால் அது உரிமையாளருக்கு மட்டும் செல்லும் அழைப்பின் இணைப்பு. பின்னால் கைமாறிக்கொண்டே போகும் கூட்டக் குறிப்பு அதுவல்ல. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து அனுப்பும் வழக்கத்தினால்தான் வினை வருகிறது. குறிப்பிட்ட ஒருவரின் கடனைச் சட்டம் எப்படிக் கையாளச் சொல்கிறது என்று தெரிய 1069-ஐப் படிக்க வேண்டும். ஒரு வீட்டை வாங்குபவர் அந்த வீட்டின் பழைய பொதுச் செலவு நிலுவைக்கும் பொறுப்பாவார். ஆகவே வாங்க நினைப்பவர், அந்த வீட்டின் நிலுவையைக் கொண்டோ சங்கத்திடம் கேட்கலாம். சங்கம் கொடுக்கலாம்; ஆனால் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான். கேட்டு 15 நாளுக்குள் கூற்று வராவிட்டால் வாங்குபவர் அந்த நிலுவைக்குப் பொறுப்பில்லை. ஒரு வீட்டின் கடன், அதில் உண்மையான அக்கறை உள்ள ஒருவருக்கு, வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்திய பிறகு: சட்டம் வகுத்த வழி இவ்வளவு ஒடுக்கமானது. 24 வீட்டின் கடன் விவரத்தையும் யாரும் கேட்காமலே, யாருக்கும் அறிவிக்காமலே அனுப்பிவிடுபவர் அந்த வழியைத் தாண்டிப் போகிறார். வாங்க வருபவருக்குக் கட்டடத்தைப் பற்றிய ஆவணங்களைச் சங்கம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் 1068.2-உம் தனிமனித வாழ்வைப் பாதுகாக்கும் விதிகளுக்கு உட்பட்டுத்தான் கொடுக்கச் சொல்கிறது.

மூன்றாவது: "கட்டாதவன் வெட்கப்பட்டால்தான் கட்டுவான்." இதை வாய்விட்டுச் சொல்பவர் குறைவு, நினைப்பவர் அதிகம். வெட்கம் ஒரு வசூல் முறையாகத் தேவைப்படும் நிலையில் சங்கம் இல்லை. பொதுச் செலவு 30 நாளுக்கு மேல் கட்டப்படாமல் இருந்தால், அந்த வீட்டின்மேல் சட்டவழி ஈடு ஒன்றைச் சங்கம் நிலப் பதிவேட்டில் பதியலாம். மூன்று மாதத்தில் வாக்குரிமை போகும். அதன் பிறகு வழக்கு இருக்கிறது. இவ்வளவு பற்களை வைத்துக்கொண்டு கிசுகிசுவை நம்புவது சோம்பலின் அடையாளம். வெட்கம் வேலை செய்யும் விதமும் வேறு: காசு இருந்தும் கட்டாதவர் பெரும்பாலும் வெட்கப்படுவதில்லை, காசில்லாமல் தவிப்பவர்தான் அடுத்த கூட்டத்துக்கு வராமல் ஒதுங்குகிறார், தவணை கேட்கவும் கூசுகிறார். நிலுவை இன்னும் கூடுகிறது.

இதே இடத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல துருப்பு உண்டு: அந்த ஈடு பதிவானால் எவரும் பார்க்கலாமே, அப்படியென்றால் கூட்டக் குறிப்பில் எழுதுவதில் என்ன குறைந்துவிடும்? வித்தியாசம் இருக்கிறது. பதிவேட்டைப் பார்க்க, அந்த வீட்டின் நில எண்ணைத் தேடி, காசு கட்டி, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காரணம் உள்ளவர் பார்ப்பார், மற்றவர் பார்க்கமாட்டார். கடன் தீர்ந்ததும் அந்தப் பதிவை நீக்கிக்கொள்ள வழி உண்டு. மின்னஞ்சலில் போன குறிப்புக்கு நீக்கம் என்று ஒன்றில்லை. சுணங்கிக் கட்டிய ஒருவர், கட்டி முடித்துப் பத்து வருடமானாலும் அந்தத் தாளில் கடன்காரராகவே இருப்பார்.

கடைசியாக, "எல்லாரும் நம்ம ஆட்கள்தானே, வெளியாள் யார் பார்க்கப்போகிறார்?" என்ற பேச்சு. இதற்குக் கியூபெக்கில் இருப்பவர்கள் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019 ஜூன் 20 அன்று தெஜார்தன் நிறுவனம் தன் உறுப்பினர்களின் விவரங்கள் வெளியே போய்விட்டதாக அறிவித்தது. முதலில் 29 இலட்சம் உறுப்பினர்கள் என்றார்கள். இறுதியில் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 97 இலட்சம் பேர் என்று தெரிந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, 9 இலக்கச் சமூகக் காப்புறுதி எண் எல்லாம் அதில் அடக்கம். வெளியிலிருந்து யாரும் உடைத்துக்கொண்டு வரவில்லை. உள்ளே வேலை செய்த ஒருவர்தான் எடுத்தார். அவர் எடுக்கும்படி அது எப்படிக் கிடந்தது என்பதே நமக்குப் பாடம். சிலருக்கு மட்டும் அனுமதி உள்ள களஞ்சியத்தில் இருந்த விவரங்களைச் சந்தைப்படுத்தல் பிரிவினர் தங்கள் அன்றாட வேலைக்காக எடுத்து, பலரும் திறக்கக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையில் மாதாமாதம் பிரதி போட்டு வந்தார்கள். களஞ்சியத்துக்கு அனுமதி இல்லாத ஊழியருக்கும் அந்தக் கோப்புறை திறந்தது. குறைந்தது 26 மாதம் அவர் அள்ளிக்கொண்டிருந்தார் என்று 2020 டிசம்பரில் கனடாவின் தனியுரிமை ஆணையர் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. வேலை வசதிக்காகப் பூட்டுக்கு வெளியே எடுத்து வைத்த பிரதிதான் போனது. பரவலாக அனுப்பப்படும் சுருக்கம் எதுவாக இருந்தாலும், அது பேரேட்டிலிருந்து வெளியே எடுத்து வைக்கும் பிரதிதான். அதில் ஏற்றப்படாத எண் ஒருபோதும் திருடுபோகாது.

சிறிய சங்கங்களில் இது நடக்கும் வழியும் தெரிந்ததுதான். நேர்மையைக் காட்டப் பொருளாளர் வங்கிக் கூற்றை அப்படியே இணைத்துவிடுவார். யார் எந்தத் தேதியில் இணையவழிப் பணம் அனுப்பினார், யாருடைய காசோலை திரும்பியது எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். மாதக் கட்டணத்தைத் தானாகக் கழிக்க ஒருவர் கொடுத்த ரத்துசெய்யப்பட்ட காசோலையின் படமும் சிலவேளை சேர்ந்துவிடும். அதன் அடியில் கிளையின் 5 இலக்க எண்ணும், வங்கியின் 3 இலக்க எண்ணும், கணக்கு எண்ணும் அச்சாகியிருக்கும். அப்புறம் யாரோ சொல்லிக் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பார்கள். பி.டி.எஃப் கோப்பில் எழுத்தின்மேல் கட்டம் வரைந்தால் எழுத்து அடியிலேயே இருக்கும்; அந்த இடத்தைத் தெரிவுசெய்து பிரதியெடுத்து வேறொரு தாளில் ஒட்டினால் முழுவதும் வந்துவிடும். எக்செல் அட்டவணையில் மறைத்த நிரலை எவரும் இரண்டு சொடுக்கில் விரிக்கலாம். மூல அட்டவணையில் வெட்டுவதைவிட, குறிப்புக்கென்று புதிதாக ஒரு சின்ன அட்டவணை தட்டச்சு செய்வதே பாதுகாப்பு.

விவரம் இல்லாத சுருக்கம் பயனற்றது என்பவர்களுக்கு இந்த மாகாணத்தின் நீதிமன்றங்களே பதில். கியூபெக்கில் விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளின் தீர்ப்புகள் கட்சிக்காரர் பெயரில் வெளியாவதில்லை. "குடும்பச் சட்டம்" என்ற சொற்களும் ஓர் எண்ணும்தான் தலைப்பில் இருக்கும், உள்ளே முதலெழுத்துகள் மட்டும். வருமானம் எவ்வளவு, நீதிபதி ஏன் அப்படிப் பிரித்தார் என்ற நியாயம் முழுதாக இருக்கும். வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டித்தான் தினமும் வாதாடுகிறார்கள். அங்கே தொகை இருந்தும் ஆள் தெரியாமல் போவது, மாகாணம் முழுவதிலும் ஆளைத் தேட வேண்டியிருப்பதால். 24 வீட்டுக் கட்டடத்தில் அந்தச் சலுகை கிடையாது, ஆகவே அங்கே தொகையையும் விட வேண்டும். நம் ஊர்ச் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருத்துவ உதவி பெற்றவர்களின் பட்டியலை முதலெழுத்தும் ஊரும் நோயும் போட்டு வெளியிடுகிறார்கள். இருநூறு குடும்பம் உள்ள கிராமத்தில் அது முழுப்பெயர்தான். கொடுத்தவர் தன் பெயர் வர விரும்பினால் போடட்டும். வாங்கியவரிடம் யாரும் கேட்டதில்லை.

கியூபெக்கின் மனித உரிமைச் சாசனம் 1975-லேயே ஒவ்வொருவரின் தனிவாழ்வும் மதிக்கப்பட வேண்டும் என்று 5-ஆம் உறுப்புரையில் எழுதிவிட்டது. குடியியல் சட்டக்கோவையின் 37-ஆம் உறுப்புரை, ஒருவரைப் பற்றிக் கோப்பு வைத்திருப்பவர் அவர் சம்மதமோ சட்டத்தின் அனுமதியோ இல்லாமல் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. கொண்டோ சங்கமோ கோயில் நிர்வாகமோ இவற்றுக்கு வெளியே நிற்பதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் வெளிப்படைத்தன்மை கேட்டு எழுந்து நிற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். நிலுவையின் மொத்தம், அதன் வயது, விதியிலிருந்து கொடுத்த விலக்குகள், பேரேட்டைப் பார்க்க சபைக்கு வெளியே இரண்டு பேர் என்று நான்கையும் தீர்மானமாகப் போட்டு, குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.